தாத்தா கையில் இருப்பது நாயனமா, கிளாரினெட்டா?

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தாவின் பழைய போட்டோக்கள் மூன்று கிடைத்திருக்கின்றன. ஒன்று செவ்வாய்ப்பேட்டையில் நடந்த ஒரு கல்யாணத்தில் எடுத்தது, பின்பக்கம் 1963 என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று ஸ்டுடியோவில் எடுத்தது. மூன்றாவது ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் பக்கம் சித்தப்பா புல்லாங்குழலோடு நிற்பது. தாத்தா நாயனக்காரர் என்று அப்பா சொல்கிறார், இல்லை கிளாரினெட் வாசித்தார் என்று அத்தை சொல்கிறார். போட்டோவை வைத்தே எந்த வாத்தியம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? துளை, ரீடு இதையெல்லாம் பார்த்துக் கண்டுபிடிப்பார்களாமே, எப்படி?

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கி இரண்டு நாள் பார்த்தேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் படத்தில் தாத்தா கையில் இருப்பது நாயனம். ஸ்டுடியோ படத்தில் இருப்பது கிளாரினெட். ஆக அப்பா சொல்வதும் சரி, அத்தை சொல்வதும் சரி. அவர் இரண்டையும் வாசித்திருக்கிறார், அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருக்கிறார். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. கர்னாடக சங்கீதத்தில் கிளாரினெட்டுக்குப் பெரிய பேர் வாங்கித் தந்த ஏ.கே.சி. நடராஜன் அவர்களே முதலில் நாயனம் கற்றுவிட்டுக் கிளாரினெட்டுக்கு வந்தவர்தான்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்கிறேன். நான் முப்பது வருடமாக அம்மாப்பேட்டையில் பேண்டு வாத்தியங்களையும் கிளாரினெட்டையும் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாத்தியத்தைக் கையில் எடுத்தால் உள்ளே விரல் விட்டுப் பார்க்கலாம், ஊதிப் பார்க்கலாம். போட்டோவில் அந்த வசதி இல்லை. குழலின் உள்துளை உள்ளே இருக்கிறது. விரல் துளைகளை வாசிப்பவரின் விரல்கள் மூடியிருக்கின்றன. ஊதும்போது அதிர்ந்து ஒலி தரும் நாணல் தகடான ரீடு வாய்க்குள் இருக்கிறது. பார்க்க வேண்டிய மூன்றுமே மறைந்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற துளையின் வடிவம் வெளியே ஒரு தடயம் விட்டுத்தான் ஆகும். அது எப்படி என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நாயனத்தின் உள்துளை கூம்பு வடிவம். மேலே பென்சில் நுழையும் அளவுக்கு ஆரம்பித்துக் கீழே போகப் போக அகலும். கிளாரினெட்டின் உள்துளை ஏறக்குறைய கடைசி வரை ஒரே அகலம், சுமார் 15 மில்லிமீட்டர். அடியில் மட்டும் வாய் விரியும். இரண்டிலும் மேல்முனையை ரீடும் வாயும் அடைத்துக்கொள்கின்றன. நாயனத்தில் ஆதார சட்ஜத்தை வைத்துக்கொண்டு காற்றையும் உதட்டையும் இறுக்கினால் சுரம் மேல் ஸ்தாயி சட்ஜத்துக்குத் தாவும். கூம்புக் குழலின் குணம் அது. ஆக, கீழ் சட்ஜத்திலிருந்து நிஷாதம் வரைக்கும் துளை இருந்தால் போதும். அதற்கு மேலே அதே விரல்களை மறுபடி வைத்து வாசிக்கலாம். ஏழு துளையில் சங்கராபரணமும் தோடியும் வருவதற்கு அதுதான் அடிப்படை. நடுவில் வரும் நுட்பமான இடங்களை விரலாலும் காற்றாலும் நாயனத்தின் ரீடான சீவாளியாலும் பிடிக்கிறார்கள்.

கிளாரினெட் அப்படித் தாவாது. ஒரே அகலமான குழலை ஒரு முனையில் அடைத்து ஊதினால், அடுத்த தாவல் மேல் ஸ்தாயி சட்ஜத்தில் நிற்காமல் அதையும் தாண்டி மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்குப் போய்விடும். நடுவே ச ரி க ம ப த நி, அப்புறம் மேல் ச ரி க ம என்று பதினொரு சுரத்தையும் குழல் தானே கொடுக்க வேண்டும். அடிச் சுரம் எல்லாத் துளையும் மூடியிருக்கும்போது வந்துவிடும், மீதி பத்துக்குத் துளை வேண்டும். வலது கட்டைவிரல் வாத்தியத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, அதனால் மிஞ்சுவது ஒன்பது விரல். துளைகளும் விரல் எட்டாத தூரத்தில் போய் விழும். இதனால்தான் கிளாரினெட்டுக்குக் கீ, அதாவது விரலால் அழுத்தித் தூரத்துத் துளையை மூடவும் திறக்கவும் உதவும் உலோக நெம்புகோல், வேண்டியிருக்கிறது. 1700 வாக்கில் ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரத்து டென்னர் என்ற வாத்தியக் கைவினைஞர் இதை உருவாக்கியபோதே இரண்டு கீ வைத்துத்தான் செய்தார். இன்று பரவலாக இருக்கும் போம் முறைக் கிளாரினெட்டில் 17 கீ இருக்கிறது.

ஆகவே கீ இல்லாத கிளாரினெட் என்று ஒன்று கிடையாது. அதேபோல, கீ வைத்த நாயனமும் கிடையாது. படத்தில் உள்துளை தெரியாவிட்டாலும் கீ இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் உள்துளை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

சரி, கீ இருக்கிறதா என்று பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படிப் பார்ப்பது? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நானும் ஒருமுறை தவறியிருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்தார் பெரிய கல்யாணக் கூட்டப் படத்தைக் கொண்டு வந்தார்கள். குழல் மேல் நாலைந்து இடத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று மின்னியது. கீதான் என்று நினைத்துக் கிளாரினெட் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அதே வீட்டிலிருந்து அந்த வாத்தியமே மூட்டையில் கட்டி வந்தது. நாயனம். மரத்தில் வெள்ளிப் பூண் போட்டிருந்தார்கள், அதுதான் மின்னியிருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அன்றிலிருந்து மின்னலைப் பார்ப்பதில்லை, ஓரக்கோட்டைப் பார்க்கிறேன்.

பூண் என்பது குழலைச் சுற்றி மோதிரம் போல் இருக்கும். படத்தில் அது குழலுக்குக் குறுக்காக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு வெள்ளைப் பட்டையாகத் தெரியும். குழலின் ஓரம் வழுவழுவென்று நேராகவே இருக்கும். கிளாரினெட்டின் கீ குழலுக்கு நெடுக்காகப் படுத்திருக்கும். அதன் தாங்கிகளும் திண்டுகளும் குழலை விட்டு மேலே எழும்பி நிற்கும், அதனால் ஓரக்கோடு வேப்பங்குச்சியில் கணு இருப்பதுபோல் மேடும் பள்ளமுமாக இருக்கும். முகத்தின் வெளிச்சத்தையோ வேட்டியின் வெண்மையையோ பின்னணியாகக் கொண்டு ஓரம் தெரிகிற இடத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் ஸ்டுடியோ படத்தில் தாத்தாவின் வெள்ளைச் சட்டை மேல் குழலின் வலது ஓரம் தெளிவாக விழுந்திருக்கிறது. அங்கே ஐந்து இடத்தில் மேடு எழும்பியிருக்கிறது. கல்யாணப் படத்தில் அடியில் விரிந்த வாயான அணைசு வரை ஒரு மேடும் இல்லை.

அடுத்து உதட்டருகே பாருங்கள். ஒரு வாத்தியத்தை அடையாளம் காண அதைவிட நல்ல இடம் இல்லை. நாயனத்தில் சீவாளி நேராக மரத்தில் உட்காராது. மரத்தின் மேல்முனையில் மேல் அணைசு, அதற்குள் கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாய், அதன் நுனியில் சீவாளி. சீவாளி முழுவதும் வாய்க்குள் போய்விடும். ஆகவே உதட்டுக்கும் மரத்துக்கும் நடுவே பென்சில் பருமனில் மெல்லிய உலோகக் கழுத்து தெரியும். கிளாரினெட்டில் அந்தக் கழுத்து இல்லை. உதட்டிலிருந்தே தடித்த கறுப்பு அலகு ஆரம்பித்து, நேராகக் குழலோடு சேர்ந்துவிடும். அலகின் மேல் ரீடை இறுக்கிப் பிடிக்கிற உலோக வளையம் ஒன்று இருக்கும். உங்கள் முதல் படத்தில் தாத்தாவின் மீசைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கீற்று, அதற்குப் பிறகுதான் மரம் ஆரம்பிக்கிறது. அது கெண்டை. இரண்டாவது படத்தில் கீழுதட்டிலிருந்தே கறுப்புதான்.

ரீடைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீவாளி காவிரிக் கரையில் வளரும் நாணல் தட்டையிலிருந்து செய்வது. இரண்டு பக்கமும் தகடு போல் அழுந்தி, நுனியில் விசிறி மாதிரி விரிந்திருக்கும். இரண்டு உதடும் ஒன்றையொன்று தொட்டு அதிரும், அதனால் இரட்டை ரீடு. கிளாரினெட்டில் ஒற்றை ரீடு. தட்டையான ஒரு பட்டை, அலகின் அடிப்பக்கத்தில், வாசிப்பவரின் கீழுதட்டைத் தொட்டபடி இருக்கும். நமக்கு முன்பக்கம் காட்டி நிற்கிறவர் படத்தில் அது தெரியவே தெரியாது. ஆகவே ரீடைப் பார்க்க வேண்டுமென்றால், வாசிக்காமல் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழுப்படங்களைத் தேடுங்கள். வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் மற்ற எல்லாப் படத்தையும் விட அது மேல்.

வாசிக்கும்போது எடுத்த படத்திலும் நாயனத்தின் ரீடு வேறு வழியில் தெரியும். நாயனத்தின் கழுத்தில் ஒரு கயிற்றில் மாற்றுச் சீவாளிகளும், சீவாளிக்குள் விட்டுச் சரி செய்கிற ஊசியும் தொங்கும். கச்சேரி நடுவில் ஒரு சீவாளி நனைந்து கெட்டுப் போனால் உடனே மாற்ற வேண்டும், அதற்காக. உங்கள் முதல் படத்தில் தாத்தாவின் மேல் கைக்குக் கீழே நூலில் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள் தொங்குகின்றன. நீங்கள் அதைப் பூமாலையின் நுனி என்று நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். மாலை அந்த இடத்தில் இல்லை, அவை சீவாளிகள். வேறெதுவும் தெரியாமல் இது ஒன்று மட்டும் தெரிந்திருந்தாலே நான் நாயனம் என்று சொல்லியிருப்பேன்.

நீளத்தை அளந்தும் பார்த்தேன். இந்த வழியை நீங்களும் வீட்டிலேயே செய்யலாம். பெரியவர் ஒருவரின் முகம் மோவாயிலிருந்து முடி ஆரம்பிக்கும் இடம் வரை சுமார் 18 சென்டிமீட்டர் இருக்கும். முன்நெற்றி வழுக்கையாக இருந்தால் மோவாயிலிருந்து புருவம் வரை அளந்து அதை 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் படத்தில் தாத்தாவின் முகம் 13 மில்லிமீட்டர். உதட்டிலிருந்து வாத்தியத்தின் அடி வரை 61 மில்லிமீட்டர். 61ஐ 13ஆல் வகுத்து 18ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 84 சென்டிமீட்டர் வருகிறது. சாதாரணக் கிளாரினெட் மொத்தமே 66 சென்டிமீட்டர்தான். பாரி நாயனம் இரண்டரை அடிக்கு மேல் போகும். அப்போது இது கிளாரினெட்டாக இருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாத்தியம் கேமராவை நோக்கிச் சாய்ந்திருந்தால் படத்தில் குட்டையாகத் தெரியும். உண்மையை விட நீளமாகத் தெரிவது அரிது. ஆகவே அளவு அதிகமாக வந்தால் அதை நம்பலாம், குறைவாக வந்தால் நம்பக் கூடாது. இரண்டாவது படத்தில் முகம் 21 மில்லிமீட்டர், வாத்தியம் 68 மில்லிமீட்டர், கணக்கு 58 சென்டிமீட்டர் என்று வருகிறது. அது சாய்த்துப் பிடித்த கிளாரினெட்டாக இருக்கலாம், குட்டையான திமிரி நாயனமாகவும் இருக்கலாம், ரொம்பச் சாய்ந்த பாரியாகவும் இருக்கலாம். நீளம் இங்கே ஒன்றும் சொல்லவில்லை. அங்கே கிளாரினெட் என்று சொன்னது ஓரக்கோடும் உதட்டருகும்தான். ஒரு எச்சரிக்கையும் உண்டு. வாசிப்பவர் தலையைக் குனிந்திருந்தால் முகம் சுருங்கித் தெரியும், அப்போது கணக்கில் வாத்தியம் நீண்டுவிடும். உங்கள் தாத்தா கொஞ்சம் குனிந்திருக்கிறார். அதற்காகப் பத்தில் ஒரு பங்கு தள்ளிப் பார்த்தாலும் 76 சென்டிமீட்டர் வருகிறது, கிளாரினெட் அளவுக்கு இறங்கவில்லை.

நீளத்தைவிடப் பருமன் நன்றாகப் பேசும். கெண்டைக்குக் கீழே மரம் ஆரம்பிக்கிற இடத்தையும் அணைசுக்குச் சற்று மேலேயும் அளந்தேன். முதல் படத்தில் மேலே ஒன்றரை மில்லி, கீழே மூன்று மில்லி. இரு மடங்கு. இரண்டாவது படத்தில் மேலேயும் கீழேயும் மூன்றரை மில்லி. மேலிருந்து கீழே ஒரே பருமன், கடைசியில் மட்டும் கிண்ணம் போல் விரிகிறது. பருமன் வெளிப்புறத்தை மட்டுமே காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வெளியே கூம்பாகக் கடைந்து உள்ளே நேராகத் துளைக்கவும் ஒரு ஆசாரியால் முடியும். அதனால் பருமனை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், மேலே சொன்னவற்றோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். இங்கே ஒத்துப்போகிறது.

அடிப்பக்கம் விரிந்திருப்பதைப் பார்த்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். நாயனத்துக்கும் விரிந்த வாய், கிளாரினெட்டுக்கும் விரிந்த வாய், ஷெனாய்க்கும் அப்படியே. நாயனத்தின் கீழ் அணைசு தனியாகக் கழற்றி மாட்டுவது. மரத்தில் இருக்கும், உலோகத்திலும் இருக்கும், வெள்ளித் தகடு போர்த்தியும் இருக்கும். அதன் அகலம் நாயனத்துக்கு நாயனம் மாறும்.

இனி விரல் துளைகள். நாயனத்தில் வாசிப்பதற்கு ஏழு துளை. மேல் கையின் மூன்று விரல், கீழ் கையின் நான்கு விரல். அதற்குக் கீழே இன்னும் ஐந்து துளை இருக்கும், அதில் சில பக்கவாட்டில். அவற்றில் விரல் வைப்பதில்லை. சுருதி சேர்ப்பதற்காகத் தேவையானதை மெழுகு வைத்து அடைத்துக்கொள்வார்கள். ஆகவே மொத்தம் பன்னிரண்டு. போட்டோவில் மெழுகு அடைத்த துளை தெரியாது, அடைக்காதது கறுப்புப் புள்ளியாகத் தெரியும். யாராவது துளையை எண்ணி எட்டு என்றோ ஒன்பது என்றோ சொன்னால் அவர்கள் தவறாக எண்ணியதாக நினைக்காதீர்கள், ஒன்றிரண்டு துளை திறந்திருந்திருக்கும். உங்கள் முதல் படத்தில் தாத்தாவின் சுண்டு விரலுக்குக் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு புள்ளி இருக்கிறது. அது கறையும் அல்ல, படத்தின் பழுதும் அல்ல, விரல் படாத துளை.

விரல்கள் இருக்கும் விதத்தையும் பாருங்கள். பாரி நாயனத்தில் துளைகள் அகலத் தள்ளித் தள்ளி இருப்பதால், விரல்கள் விறைப்பாக நீண்டு படிந்திருக்கும். கிளாரினெட்டில் விரல்கள் வளைந்திருக்கும், வலது சுண்டு விரல் துளையில் இல்லாமல் கீ மேல் நிற்கும். ஸ்டுடியோ படத்தில் அந்தச் சுண்டு விரல் பக்கம் நன்றாகப் பதிந்திருக்கிறது. அங்கே நான்கு கீ கொத்தாக இருந்தால் போம் முறை. உருளை வைத்த இரண்டு கீ மட்டும் இருந்தால் ஆல்பர்ட் முறை. நம் பக்கம் கர்னாடகம் வாசித்த பழைய கைகள் பலரும் ஆல்பர்ட் முறையில்தான் வாசித்தார்கள். உங்கள் தாத்தாவின் சுண்டு விரலுக்கு அடியில் இரண்டுதான் தெரிகிறது. அதனால் ஆல்பர்ட் என்றே நினைக்கிறேன். இதை மட்டும் உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், படத்தின் அந்த மூலை கொஞ்சம் மங்கியிருக்கிறது.

இன்னொன்றும் ஸ்டுடியோ படத்தில் என்னை நிறுத்திவைத்தது. முதலில் நீங்கள் அனுப்பியதில் தாத்தாவின் வலது கை மேலே இருந்தது. கிளாரினெட்டில் அது நடக்காது. கீ எல்லாம் இடது கை மேலே, வலது கை கீழே என்று வைத்துத்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. நாயனத்தில் எந்தக் கை மேலே என்பது வாசிப்பவரின் பழக்கம், அங்கே இதைக் கேட்க முடியாது. ஆகவே கிளாரினெட்டில் வலது கை மேலே தெரிந்தால் படமே இடவலம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். தாத்தாவின் சட்டைப் பையைப் பாருங்கள், வலது மார்பில் இருக்கிறது. சட்டைக்குப் பை இடது பக்கம்தானே இருக்கும். நெகட்டிவை மாற்றிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் கையும் பையும் இரண்டும் சரியாக வந்துவிடுகின்றன. முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கல்யாணப் படத்தில் தாத்தாவுக்குப் பின்னால் நிற்பவரும் அதேபோல ஒரு நீளக் குழல் வைத்திருக்கிறார். ஜோடி நாயனம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒத்து என்று படுகிறது. ஒத்துக்கும் சீவாளி உண்டு, உருவமும் நாயனம் மாதிரிதான், ஆனால் வாசிக்கிற விரல் துளை இல்லை. ஆதார சுருதியை மட்டும் விடாமல் கொடுப்பது அதன் வேலை. ஆகவே ஒத்துக்காரரின் விரல்கள் பரவி நிற்காது, கம்பைப் பிடிப்பதுபோல் மடங்கிப் பிடித்திருக்கும். உங்கள் படத்தில் அவர் விரல்கள் அப்படி மடங்கியிருக்கின்றன, கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன. சுருதிப் பெட்டி வந்த பிறகு ஒத்து ஊதுபவர்கள் அருகிவிட்டார்கள். 1963ல் ஒரு சேலத்துக் கல்யாண மேளத்தில் ஒத்து நின்றதற்கு இந்தப் படம் சாட்சி. அந்த மனிதரின் பெயர் வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.

குழப்பம் வரக்கூடிய மற்ற வாத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெருக்கூத்துப் படங்களில் வரும் முகவீணையும் இரட்டை ரீடு, கூம்பு, கீ இல்லாதது. ஆனால் முழங்கை அளவுக்கும் குறைவு. ஷெனாயும் அப்படியே, நாயனத்தை விடக் குட்டை, அடியில் உலோக வாய். நேரான சாக்ஸபோன் வெளிச்சத்தில் கிளாரினெட் மாதிரியே தெரியும், ஆனால் அது முழுக்கப் பித்தளை, மேலிருந்து கீழே சீராக அகலும். உருவத்தில் கறுப்பாக, கீயும் இருந்து, உதட்டருகே மட்டும் மெல்லிய கழுத்து தெரிந்தால் அது ஓபோ. நம் ஊர்க் கல்யாணத்தில் அதைப் பார்ப்பது அபூர்வம். கொம்பு, எக்காளம், தாரை இவற்றுக்குத் துளையும் இல்லை, ரீடும் இல்லை, உதடே அதிர்கிறது.

மூன்றாவது படம், சித்தப்பாவின் புல்லாங்குழல். இது எளிது, ஏனென்றால் அவர் வாசிக்கவில்லை, கையில் பிடித்து நிற்கிறார், துளைகள் எல்லாம் தெரிகின்றன. மூங்கில் ஒரே அகலம்தான், கிளாரினெட் மாதிரியே. அப்படியிருக்கக் கீ இல்லாமல் எப்படி வாசிக்க முடிகிறது என்று கேட்கத் தோன்றும். புல்லாங்குழலில் வாய்த்துளை திறந்தே இருக்கிறது, மறுமுனையும் திறந்திருக்கிறது. இரண்டு பக்கமும் திறந்த குழல் மேல் ஸ்தாயி சட்ஜத்துக்குத்தான் தாவும், பஞ்சமத்துக்குப் போகாது. அதனால் சில துளைகளே போதும்.

நம் கர்னாடகக் குழலில் வாய்த்துளையைத் தவிர எட்டு விரல் துளை இருக்கும், எட்டாவதை வாசிப்பவர் பெரும்பாலும் மூடுவதில்லை. வடநாட்டுப் பான்சுரியில் ஆறு துளை, சில சமயம் ஏழாவதாக ஒன்று. கச்சேரிப் பான்சுரி நீளமும் பருமனும் அதிகம், துளைகளும் பெரிது. சித்தப்பா கையில் இருப்பதில் வாய்த்துளைக்குப் பிறகு ஒரு நீண்ட இடைவெளி, அப்புறம் நெருக்கமாக எட்டுப் புள்ளி. ஏழாவதும் எட்டாவதும் அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் மறைந்தும் மறையாமலும் இருக்கின்றன, பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். கர்னாடகக் குழல். சின்னக் குழந்தைகள் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடையில் வாங்கி ஊதுகிற குழல் இல்லை இது. அது நுனியில் வாய் வைத்து ஊதுவது, உதட்டுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டிய ஜன்னல் மாதிரி ஒரு துளை இருக்கும். சித்தப்பாவின் குழலில் நுனி அடைத்திருக்கிறது, ஜன்னல் இல்லை.

படத்தை மறுபடி எடுத்து அனுப்புவதாக இருந்தால் ஃபிளாஷ் போட வேண்டாம். பழைய பிரிண்டின் கறுப்புப் பகுதிகளில் வெள்ளி மேலே வந்து கண்ணாடி மாதிரி மின்னும், அதில் கீயும் துளையும் கரைந்துவிடும். ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, படத்தைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நாலைந்து முறை எடுங்கள். ஒரு கோணத்தில் மறைந்தது இன்னொன்றில் தெரியும். ஸ்கேனர் இருந்தால் 1200 டிபிஐயில் எடுத்து, கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இல்லாத புள்ளியை உண்டாக்கித் துளை போல் காட்டிவிடும்.

அத்தை சொன்னது போல தாத்தா ஏற்காடு சாலை மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா கம்பெனியில் கிளாரினெட் வாசித்தாரா என்பதை இந்தப் படத்தால் சொல்ல முடியாது. ஸ்டுடியோத் திரையும் நாற்காலியும் எந்த ஊரிலும் இருக்கும். வாத்தியத்தின் பெயரை மட்டும் நான் உறுதி செய்கிறேன். கிளாரினெட் வீட்டில் எங்காவது பரண் மேல் இருந்தால் கொண்டு வாருங்கள், எந்த முறை என்று நேரில் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். கீயின் திண்டுகள் உளுத்திருக்கும், கார்க் காய்ந்திருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம், மரத்தில் விரிசல் விடாமல் இருந்தால் போதும். நீங்களே துடைக்கிறேன் என்று எண்ணெய் மட்டும் பூசிவிடாதீர்கள்.